காய்ச்சல் இறங்கிய பிறகும் எழுத வேண்டிய தாள்

தூத்துக்குடியில் பல வீடுகளில் காய்ச்சல்காரப் பிள்ளையை ஒரே ஆள் பார்த்துக்கொள்வதில்லை. அம்மா விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்புகிறார். பகலில் ஆச்சி. விசைப்படகில் போன அப்பா இரவில்தான் கரைக்கு வருகிறார். வந்ததும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “மருந்து குடுத்தாச்சா?” என்று கேட்கிறார். “சாயங்காலம் குடுத்தேன்” என்று பதில் வருகிறது. சாயங்காலம் என்றால் நாலு மணியா, ஏழு மணியா? எந்தப் பாட்டில்? எவ்வளவு? இதையெல்லாம் நினைவில் வைத்துச் சொல்ல, தூக்கமில்லாத மனிதர்களால் முடியாது. அதற்குத்தான் ஒரு தாள் வேண்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நோட்டிலிருந்து கிழித்த தாளே போதும். மேலே பிள்ளையின் எடை, காய்ச்சல் தொடங்கிய தேதி, நேரம். கீழே கட்டங்களில் மணி, தெர்மாமீட்டர் காட்டிய அளவு, கொடுத்த மருந்தின் பெயரும் வீரியமும், எத்தனை மில்லி, கொடுத்தது யார், என்ன குடித்தது, சிறுநீர் போனதா, வாந்தி உண்டா. தாளையும் பேனாவையும் மருந்துப் பாட்டிலோடு ஒரே இடத்தில் வைத்துவிட்டால், மருந்தை எடுக்கும் கை எழுதாமல் நகராது. மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு இந்தத் தாளே வேண்டாம். காய்ச்சல் என்றதும் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வீரியத்தை ஏன் எழுத வேண்டும்? 12 கிலோ எடையுள்ள மூன்று வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. மருத்துவர் 3.5 மில்லி என்று எழுதித் தருகிறார். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பை மனதில் வைத்து அவர் எழுதியது அது. 175 மில்லிகிராம், சரியான அளவு. ஆனால் வீட்டில் கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்து இருக்கிறது. அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதே 3.5 மில்லியை அதிலிருந்து எடுத்தால் 350 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அதாவது இரண்டு மடங்கு. மாறாக, 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் பாதி மருந்துகூடச் சேராது. “மருந்து கேட்கவே மாட்டேங்குது” என்று அடுத்த பாட்டிலைத் தேடுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் மூடியிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும்.

லேபிளில் உள்ள பேட்ச் எண்ணையும் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பின் ஒரு பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. அந்தச் செய்தி வந்த நாளில், எந்தத் தாயும் வீட்டுப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருப்பார். பாட்டிலைத் தூக்கிப் போட்டிருந்தால் பார்ப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

இனி அந்தப் பிள்ளையின் தாள் எப்படி நிரம்பும் என்று பார்ப்போம். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு வாரம். திங்கள் இரவு 7 மணிக்கு அக்குளில் வைத்துப் பார்த்தால் 101.8. அம்மா 3.5 மில்லி கொடுக்கிறார். 9 மணிக்கு 100.2. மருந்து வேலை செய்திருக்கிறது. பாரசிட்டமால் சூட்டைக் கொஞ்சம் இறக்கும், நோயைப் போக்காது. அதனால் 98.6-க்கு வரவில்லையே என்று மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. நள்ளிரவு தாண்டி 1.15-க்கு 102.4. ஆச்சி அடுத்த வேளையைக் கொடுத்து எழுதுகிறார். செவ்வாய் காலை 8 மணிக்கு மூன்றாவது வேளை. பத்தரைக்கு கிளினிக். அங்கே ஓர் ஊசி போடுகிறார்கள்.

பெரும்பாலான வீடுகளில் தாளில் ஏறாமல் போவது இந்த ஊசிதான். காய்ச்சலுக்குப் போடும் ஊசியும் பாரசிட்டமாலாக இருக்கலாம். அப்படியானால் இரண்டரை மணி நேரத்துக்குள் இரண்டு வேளை மருந்து ஆகிவிட்டது. தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியிருந்தால் மருத்துவர் யோசித்திருப்பார். போட்ட பிறகென்றாலும், “என்ன ஊசி போட்டீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்வது நம் உரிமை. சளிக்குக் கொடுக்கும் சில சிரப்களிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. இன்னும் சில காய்ச்சல் சிரப்களில் ஐபுப்ரோஃபென் அல்லது மெஃபனாமிக் ஆசிட் இருக்கும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை அவை இரண்டும் கூடாது. இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

தண்ணீரை டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்து வாழும் ஊர் இது. ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. எனவே மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சல் தாளையும் டெங்குத் தாளாகவே நினைத்து எழுதுவது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளிக்கென்று ஓர் அட்டை உண்டு. ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் அதைக் கொண்டுபோகச் சொல்கிறது. பாரசிட்டமால் வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேரமாவது விடச் சொல்வதும் அதே வழிகாட்டிதான்.

டெங்குவில் நாள் கணக்கு முக்கியம். முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை பயன்படும். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. “நாலஞ்சு நாளா காய்ச்சல்” என்று சொன்னால் எதைச் செய்வது என்று மருத்துவர் தடுமாறுவார். தாளின் தலைப்பில் உள்ள தேதி அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடும்.

அதைவிட முக்கியமானது வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. வியாழன் இரவு 10 மணிக்குக் கடைசி மருந்து. வெள்ளி காலை 6 மணிக்கு 98.6. மருந்து கொடுத்து எட்டு மணி நேரம் ஆகிவிட்டது, இனி இது மருந்தால் இறங்கிய சூடு அல்ல. காய்ச்சலே விட்டிருக்கிறது. 10 மணிக்கு 98.4. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வழக்கமாகத் தாளைத் தூக்கிப் போடும் நேரம் இதுதான். டெங்குவில் ஆபத்துக் காலம் தொடங்குவதும் இதே நேரத்தில்தான்: மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், சூடு இறங்கும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிகிறது. தெர்மாமீட்டர் நல்ல செய்தி சொல்லும். பக்கத்துக் கட்டங்கள் வேறு சொல்லும். நம் பிள்ளையின் தாளில் காலை ஐந்து மணிக்குப் பிறகு சிறுநீர்க் கட்டம் காலியாக இருக்கிறது. எட்டு மணிக்கு வாந்தி, ஒன்பதரைக்கு மறுபடியும். “வயிறு வலிக்குதுன்னு அழுதான், இப்ப அசந்து தூங்குறான்” என்கிறார் ஆச்சி. பதினொரு மணியோடு சிறுநீர் போய் ஆறு மணி நேரம்.

இந்த இடத்தில் காத்திருக்கக் கூடாது. விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், சோர்ந்து கிடப்பது அல்லது அமைதியில்லாமல் புரள்வது, கை கால் சில்லிடுவது, நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். அங்கே தட்டணுக்களோடு, இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதையும் பார்த்து, எடைக்கேற்ப நரம்பு வழியாக நீர் ஏற்றுவார்கள். உரிய நேரத்தில் ஏற்றினால் பிள்ளைகள் பிழைத்து வருகிறார்கள்.

காய்ச்சல் விட்டபின் எந்தக் கெட்ட அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கும் இன்னும் இரண்டு நாள், 48 மணி நேரம், இந்தத் தாளைத் தொடருங்கள். அப்போது மருந்துக் கட்டம் காலியாகவே இருக்கலாம். என்ன குடித்தது, எப்போது சிறுநீர் போனது என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் நிரம்பினால் போதும். மருத்துவமனைக்குப் போனால் தாளோடு, வீட்டில் உள்ள எல்லாப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.