நாலு பிளக் இருக்கலாம், வயர் ஒன்றுதான்

எக்ஸ்டென்ஷன் போர்டில் நான்கு பிளக் பாயின்ட் இருந்தால், நான்கிலும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த நான்கு கருவிகளுக்கும் போகிற மின்சாரம் முழுவதும், சுவரிலிருந்து போர்டுக்கு வரும் ஒரே வயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் போர்டின் உண்மையான அளவு. ஃப்யூஸ் காப்பாற்றுவதும் இந்த வயரைத்தான். மிக்சியையோ டிவியையோ பாதுகாப்பது அதன் முதல் வேலையில்லை. வயர் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி மின்சாரம் ஓடினால் தான் முதலில் உருகி, வயரை உருகவிடாமல் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு ஒரே போர்டில் மூன்று கருவிகள் ஓடுகின்றன: 1500 வாட் எலெக்ட்ரிக் கெட்டில், 700 வாட் ரைஸ் குக்கர், 750 வாட் மிக்சி. கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த வாட் கணக்கு இருக்கும். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று கிடைத்துவிடும். கெட்டில் 6.5, குக்கர் 3, மிக்சி 3.3. மூன்றும் சேர்ந்து ஓடும்போது ஏறக்குறைய 12.8 ஆம்பியர்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் போர்டுகள் பலவற்றில் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர்தான் இருக்கிறது. அது தாங்குவது சுமார் 7 ஆம்பியர். அதில் 12.8 ஆம்பியர் ஓடினால் என்ன நடக்கும்? மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும் என்பது விதி. 5 மீட்டர் நீளமுள்ள அந்த வயர், 7 ஆம்பியரில் மொத்தமாக 13 வாட் அளவுக்கே சூட்டை வெளியிடும். 12.8 ஆம்பியரில் அது 43 வாட்டுக்கு மேல் போய்விடும். அதாவது, தாங்கக்கூடிய சூட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். வயரின் மேலுள்ள சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமானது. அதைத் தாண்டத் தாண்ட உறை இளகும், நாளடைவில் இறுகி வெடிக்கும், கடைசியில் உள்ளே இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும்.

இந்த போர்டில் 6 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால், மூன்றையும் ஓட்டியதும் சிறிது நேரத்தில் அது போய்விடும். போகவேண்டியதுதான். ஆபத்து அதன் பிறகுதான் தொடங்குகிறது. "அடிக்கடி ஃப்யூஸ் போகுது" என்று சலித்து, தடித்த ஃப்யூஸ் கம்பியையோ ஒரு செம்புக் கம்பியையோ சுற்றிவிடுகிறார்கள். 16 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் 12.8 ஆம்பியர் எவ்வளவு நேரம் ஓடினாலும் அது அசையாது. ஃப்யூஸ் நிம்மதியாக இருக்கும், வயர் வெந்துகொண்டிருக்கும்.

ஆகவே தேர்வு செய்யும் முறை இதுதான்: கருவிகள் சேர்ந்து இழுக்கும் ஆம்பியரைவிட ஃப்யூஸ் கொஞ்சம் பெரியதாக இருக்கவேண்டும், ஃப்யூஸைவிட வயரின் தாங்குதிறன் பெரியதாக இருக்கவேண்டும். மூன்று எண்களும் இந்த வரிசையில் ஏறுமுகமாக வந்தால் கணக்கு சரி.

நம் சமையலறைக்கு முதல் எண் 12.8. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 16 ஆம்பியர். அதற்கேற்ற வயர் எது? 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் சுமார் 14 ஆம்பியர் தாங்கும். 12.8 ஓடுவதற்கு அது போதுமே என்று தோன்றும். ஆனால் 16 ஆம்பியர் ஃப்யூஸுக்குக் கீழே 14 ஆம்பியர் வயர் இருந்தால் வரிசை உடைகிறது. நாளைக்கு யாராவது இன்னொரு கருவியை மாட்டினால், ஃப்யூஸுக்கு முன்னால் வயர்தான் அவதிப்படும். அதனால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். அது சுமார் 19 ஆம்பியர் தாங்கும். 12.8, 16, 19 என்று வரிசை சரியாக அமைகிறது.

அந்த இடைவெளி ஏன் தேவை என்பதையும் சொல்லவேண்டும். ஃப்யூஸோ எம்.சி.பி.யோ தன் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தொட்டதும் விழுந்துவிடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும். 23 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும் என்பதுதான் அதற்கான தரவிதி. அந்த நேரம் முழுவதும் சூட்டைத் தாங்கி நிற்பது வயர்தான். கையால் கம்பி சுற்றும் ஃப்யூஸ் கட்டை இன்னும் தாமதமாகவே வேலை செய்யும். புதிதாக போர்டு செய்பவர்கள் அதற்குள் ஒரு சின்ன எம்.சி.பி. வைத்துக்கொள்வது நல்லது. அது ஃபேஸ் கம்பியில் வரவேண்டும். நியூட்ரலில் மட்டும் வைத்தால், அது விழுந்த பிறகும் கருவிக்குள் மின்சாரம் காத்திருக்கும்.

போர்டிலுள்ள ஃப்யூஸுக்கு ஓர் எல்லை உண்டு. சுவருக்கும் போர்டுக்கும் நடுவில் வயரே நசுங்கி ஷார்ட் ஆனால், அந்த மின்சாரம் போர்டு வரை வருவதே இல்லை. அதைப் பிடிக்கவேண்டியது வீட்டின் மெயின் பெட்டியிலுள்ள எம்.சி.பி. எனவே அதுவும் சரியான அளவில் இருக்கவேண்டும்.

வயரும் ஃப்யூஸும் பெரிதானால் மட்டும் போதாது. 12.8 ஆம்பியர் போகும் போர்டுக்கு 6 ஆம்பியர் சின்ன பிளக் ஆகாது. 16 ஆம்பியர் பெரிய பிளக் போட்டு, சுவரிலும் 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் மாட்டவேண்டும். போர்டிலுள்ள பாயின்ட்களையும் பார்க்கவேண்டும்: கெட்டில் தனியாகவே 6.5 ஆம்பியர் இழுப்பதால், அதற்கு 6 ஆம்பியர் பாயின்ட் போதாது. வயர் வாங்கும்போது எர்த்துக்கும் சேர்த்து மூன்று கம்பி உள்ளதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வாங்குங்கள். 2.5 என்று அச்சடித்துவிட்டு உள்ளே மெல்லிய செம்பு வைத்திருப்பதும் உண்டு. சரியான 2.5 வயரின் ஒவ்வொரு கம்பியிலும் வழக்கமாக 0.3 மில்லிமீட்டர் இழைகள் 36 இருக்கும். நுனியை உரித்து எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்வதெல்லாம் காற்றுபட நீட்டிவிட்ட வயருக்குத்தான். சுருட்டிக் கட்டிவைத்தாலோ பாயின் அடியில் ஓடவிட்டாலோ சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். கனமான லோடுக்கு வயரை முழுவதும் விரித்தே பயன்படுத்தவேண்டும்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, வயரையும் பிளக்கின் மேல்பாகத்தையும் தொட்டுப் பாருங்கள். வயர் முழுவதும் சுட்டால் அது போதாத வயர். பிளக் மட்டும் சுட்டாலோ பாயின்ட் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. இந்தச் சூட்டை எந்த ஃப்யூஸும் கண்டுபிடிக்காது. பாயின்ட்டை எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றியே ஆகவேண்டும்.

இந்த போர்டிலேயே 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பையும் மாட்டலாமா? அது மட்டும் 8.7 ஆம்பியர், மொத்தம் 21 ஆம்பியரைத் தாண்டிவிடும். கூடாது. அதற்குச் சுவரில் தனி பாயின்ட் வேண்டும்.

உங்கள் வீட்டு போர்டின் மேல் மார்க்கரால் ஓர் எண்ணை எழுதிவையுங்கள்: 6 ஆம்பியர் போர்டு என்றால் 1380 வாட், மேலே சொன்னபடி செய்த 16 ஆம்பியர் போர்டு என்றால் 3680 வாட். மாட்டும் கருவிகளின் வாட் கூட்டுத்தொகை அதைத் தாண்டக்கூடாது. தாண்டி ஃப்யூஸ் போனால், ஒரு கருவியைக் கழற்றுங்கள். ஃப்யூஸை மட்டும் பெரிதாக்காதீர்கள்.