70 டிகிரியைத் தாண்டாத வெப்பமானி

எல்எம்35 சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 100 டிகிரிக்கு 1 வோல்ட். அதை எல்எம்358 ஆப்-ஆம்ப் ஒன்றால் ஐந்து மடங்காக்கி ஆர்டுயினோவுக்குக் கொடுத்தால், 100 டிகிரிக்குச் சரியாக 5 வோல்ட் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே 5 வோல்ட் சப்ளை. காகிதத்தில் கணக்கு கச்சிதம். ஆனால் தண்ணீரைச் சூடாக்கிப் பாருங்கள்: 70 டிகிரியைத் தாண்டியதும் எண் நின்றுவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அசையாது.

பலரும் முதலில் சென்சாரைத்தான் மாற்றுவார்கள். குற்றவாளி அது அல்ல. எல்எம்358-இன் அவுட்புட் சப்ளை வோல்டேஜ் வரை ஏறாது, சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட் கொடுத்தால் 3.5 அல்லது 3.6 வோல்ட்தான் கிடைக்கும். அதை ஐந்தால் வகுத்தால் 0.72 வோல்ட், அதாவது 72 டிகிரி.

இதை மல்டிமீட்டரால் உறுதி செய்யலாம். ஒழுங்காக வேலை செய்யும் ஆப்-ஆம்பில் இரண்டு இன்புட் பின்களும் ஏறத்தாழ ஒரே வோல்டேஜில் இருக்கும். இங்கே கொதிநிலையில் பிளஸ் பின்னில் 1 வோல்ட், மைனஸ் பின்னில் 0.72 வோல்ட் காட்டும். அந்த இடைவெளியே அவுட்புட் முட்டிக்கொண்டு நிற்பதற்கு அடையாளம்.

இன்புட்டுக்கும் எல்லை உண்டு. இரண்டு பின்களும் சேர்ந்து நிற்கும் அந்தப் பொது வோல்டேஜ்தான் காமன்-மோட் வோல்டேஜ். எல்எம்358-இல் அது கிரவுண்ட் வரை இறங்கலாம். மேலே சப்ளைக்கு 1.5 வோல்ட் குறைவாகவே இருக்கவேண்டும். நம் வெப்பமானியில் அது 1 வோல்ட்டைத் தாண்டாததால் தொல்லையில்லை. ஆனால் இதே ஐசியை பஃபராக வைத்து, 0 முதல் 5 வோல்ட் வரை நகரும் பொட்டென்ஷியோமீட்டரை இணைத்தால், இன்புட், அவுட்புட் இரண்டு எல்லைகளும் ஒன்றாகவே குறுக்கே வரும்.

ரெயில்-டு-ரெயில் வகையான எம்சிபி6002-ஐப் போட்டால் இன்புட் சப்ளை முழுவதும் போகலாம். அவுட்புட்டும் லேசான லோடில் சில பத்து மில்லிவோல்ட் நெருக்கம் வரை ஏறும், இறங்கும். ஆனாலும் சப்ளையைத் தொடாது. கூடுதல் கரண்ட் இழுத்தால் அந்த நெருக்கமும் குறையும். எல்எம்358-க்கு மட்டும் 9 வோல்ட் கொடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் ஏதாவது பிசகினால் ஆர்டுயினோவின் பின்னுக்கு 7 வோல்ட்டுக்கு மேல் போய் அதைக் கெடுத்துவிடும்.

என்னைக் கேட்டால் பெருக்கத்தை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிடுங்கள். 100 டிகிரிக்கு 3 வோல்ட்தான் வரும். எல்எம்358 அதைத் தாராளமாகத் தரும். ஆர்டுயினோவின் 10 பிட் அளவீட்டில் ஒரு படி அப்போது சுமார் 0.16 டிகிரி. தண்ணீரின் சூட்டை அறிய அது போதும்; மாற்றவேண்டியது ஒரே ஒரு ரெசிஸ்டர்தான்.