கேப்ஷனில் எழுதக் கூடாதது

பேனா ஓவியர் ஒருவர், படம் உருவாக்கும் ஏ.ஐ. மாடலுக்குத் தன் பாணியைக் கற்றுக்கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. லோரா என்ற சிறிய இணைப்புக் கோப்பு ஒன்றைப் பயிற்றுவித்தால் போதும். அதற்கு அவர் வரைந்த 25 படங்களே போதும். ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஓர் உரைக்கோப்பு வேண்டும்: `07.png` என்றால் `07.txt`. அதில் எழுதும் ஓரிரு வரிகள்தான் கேப்ஷன்.

கற்க வேண்டியது பாணி என்பதால், 'கறுப்பு மை, குறுக்குக் கோட்டு நிழல்' என்று எல்லாக் கேப்ஷனிலும் எழுதத்தான் கை போகும். செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர். பயிற்சியின்போது மாடல், படத்தில் உள்ளதையெல்லாம் கேப்ஷனில் உள்ள சொற்களோடு பொருத்தப் பார்க்கிறது. சைக்கிள் என்று எழுதியிருந்தால் சைக்கிள் அந்தச் சொல்லோடு போய்விடும். எந்தச் சொல்லோடும் சேராமல், எல்லாப் படங்களிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அது நாம் தரும் அடையாளச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பாணி ஒட்டவேண்டிய இடம் அதுதான். ஆகவே அந்தச் சொல் மாடலுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கக் கூடாது. அதோடு, இத்தகைய மாடல்கள் பெரும்பாலும் ஆங்கில விவரிப்புகளில் பழகியவை. கேப்ஷனையும் ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது.

```
mnvrai style, an old woman selling bananas at a street corner, side view, a bicycle behind her
```

மை, கோடு, நிழல் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 25-இல் நான்கு படங்களுக்கு மட்டும் நீல வண்ணம் தீட்டியிருந்தால், அந்த நான்கில் அதைக் குறிப்பிடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கேட்காத படங்களிலும் நீலம் தலைகாட்டும். தானாகக் கேப்ஷன் எழுதும் கருவிகளைப் பயன்படுத்தினால், அவை வழக்கமாகச் சேர்க்கும் `a drawing of` போன்ற தொடக்கத்தை நீக்கிவிடுங்கள்.

சோதிப்பது எளிது. தொகுப்பில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: மலைப்பாதையில் ஒரு லாரி. கோடு ஓவியருடையதாக வந்து, லாரியும் லாரியாகவே இருந்தால் வெற்றி. பக்கத்தில் சைக்கிள் முளைத்தால், ஏதோ சில கேப்ஷன்களில் அது விடுபட்டிருக்கிறது. கோடு மங்கலாக வந்தால், பாணியை வருணிக்கும் சொற்கள் எங்காவது நுழைந்திருக்கின்றனவா என்று தேடலாம்.

கேப்ஷனால் ஆகாததும் உண்டு. 25 படங்களிலும் தெருவே இருந்தால், ஒவ்வொன்றிலும் தெரு என்று எழுதினாலும் அதை முழுதாகப் பிரிக்க முடியாது. வேறு காட்சிகளையும் வரைந்து சேர்க்க வேண்டும். மூலையில் இருக்கும் கையெழுத்தும் அப்படித்தான். பயிற்சிக்கு முன்பே அதை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் புதுப் படங்களின் மூலையிலும் வாசிக்க முடியாத ஒரு கிறுக்கல் வந்து நிற்கும்.