ஒரு முள், இரண்டு அளவு
டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் பிரஷர் கேஜைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெளிவட்டத்தில் பார், உள்வட்டத்தில் பிஎஸ்ஐ. முள், வெளிவட்டத்தில் 2-ஐத் தாண்டி இரண்டாவது சிறு கோட்டில் நிற்கிறது. அவசரத்தில் 2.2 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2-க்கும் 3-க்கும் நடுவே ஐந்து கட்டங்கள்தான், ஒவ்வொன்றும் 0.2. ஆக, 2.4 பார்.

ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. பெருக்கினால் 34.8. உள்வட்டத்திலும் முள் 35-ஐ ஒட்டியே நிற்கிறது, சரி. 2.2 என்று படித்திருந்தால் 31.9 வந்து, உள்வட்டமே காட்டிக்கொடுத்திருக்கும்.

பக்கவாட்டில் எடுத்த படத்தில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. முள் இரண்டு வட்டத்திலும் சேர்ந்தே விலகித் தெரியும். நேருக்கு நேர் எடுத்த இன்னொரு படம் கேட்க வேண்டியதுதான்.