விடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்

பழுப்பு நிற வாயுவான நைட்ரஜன் டை ஆக்சைடும் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றாக மற்றொன்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரு N₂O₄ பிரிந்தால் இரண்டு NO₂ கிடைக்கும். 25 டிகிரி செல்சியஸில் இதன் சமநிலை மாறிலி ஏறத்தாழ 0.0046. அதாவது NO₂ செறிவின் வர்க்கத்தை N₂O₄ செறிவால் வகுத்தால், சமநிலையில் இந்த எண்தான் வர வேண்டும்.

மூடிய கலன் ஒன்றில் லிட்டருக்கு 0.10 மோல் N₂O₄ மட்டும் இருப்பதாகத் தொடங்குவோம். ஆரம்பம், மாற்றம், சமநிலை என்று மூன்று வரிசை போடுவதைத்தான் மாணவர்கள் ஐஸ் அட்டவணை என்கிறார்கள். ஆரம்ப வரிசையில் 0.10, 0. மாற்ற வரிசையில் N₂O₄ x அளவு குறைகிறது, NO₂ 2x அளவு கூடுகிறது. சமநிலை வரிசையில் 0.10 − x, 2x. இவற்றை மாறிலியின் கோவையில் இட்டால்:

(2x)² / (0.10 − x) = 0.0046

இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் x = 0.01016. எனவே N₂O₄ 0.0898, NO₂ 0.0203. பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு செறிவுகளையும் எடுத்துக் கோவையில் திரும்பப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. 0.0203-இன் வர்க்கம் 0.000412. அதை 0.0898-ஆல் வகுத்தால் 0.00459. கொடுத்த 0.0046-க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசம், எண்களை மூன்று இலக்கமாகச் சுருக்கியதால் வந்தது. கணக்கு சரி.

இருபடிச் சமன்பாட்டுக்குப் பயந்து, x மிகச் சிறியது என்று வைத்துக்கொண்டு பகுதியில் உள்ள 0.10 − x என்பதை வெறும் 0.10 ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது x = 0.0107 வரும், N₂O₄ 0.0893, NO₂ 0.0214 என்று எழுதுவார்கள். பார்வைக்குக் குறையொன்றும் தெரியாது. திரும்பப் போட்டால்தான் தெரியும்: சுமார் 0.0051 வருகிறது. மாறிலியைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகம். இதைச் சுருக்கப் பிழை என்று தள்ளிவிட முடியாது. x ஆரம்பச் செறிவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும்போது அதைப் புறக்கணித்தது தவறு. செய்ததை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். பகுதியில் 0.10-க்குப் பதிலாக 0.0893-ஐ வைத்து இன்னொரு முறை தீர்த்தால் x 0.0101 ஆகிறது. ஒரே சுற்றில் சரியான விடையை நெருங்கிவிட்டோம்.

எவ்வளவு விலகுகிறது என்பதும் தகவல்தான். x-ஐச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் NO₂-க்கு 2x எழுத மறந்து 0.0102 என்று எழுதினால், சோதனையில் 0.00116 வரும். மாறிலியில் ஏறக்குறைய கால் பங்கு. சரியாகக் கால் பங்கில் நிற்கிறது என்றால் வர்க்கத்துக்குள் ஒரு இரண்டு விடுபட்டிருக்கிறது என்று அங்கேயே தேடலாம்.

இந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த இரண்டை, அட்டவணையிலேயே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். NO₂-இன் மாற்றத்தை x என்றே எழுதித் தீர்த்தால் x = 0.0193. N₂O₄ 0.0807, NO₂ 0.0193. திரும்பப் போடுங்கள்: 0.0046! மாறிலி அப்படியே வந்துவிடுகிறது, விடையோ தவறு. காரணம் எளிது. x-ஐ நாம் கண்டுபிடித்ததே அந்தக் கோவைக்குப் பொருந்தும்படிதான். அட்டவணையை எப்படி எழுதினாலும் இயற்கணிதம் பிசகாமல் இருந்தால் கோவை ஒத்துப்போகும். மாறிலிக் கோவையையே தவறாக எழுதியவருக்கும் இதே கதிதான். தவறான கோவையில் போட்டுப் பார்த்தால் அது சரியென்றே சொல்லும்.

அட்டவணையைச் சோதிக்க அணுக்களை எண்ண வேண்டும். ஆரம்பத்தில் லிட்டருக்கு 0.10 மோல் N₂O₄ என்றால் நைட்ரஜன் அணுக்கள் 0.20 மோல். மூடிய கலனிலிருந்து அவை எங்கும் போகாது. தவறான விடையில் 0.0807-இன் இருமடங்கோடு 0.0193-ஐக் கூட்டினால் 0.1807தான் வருகிறது, ஒரு பங்கு நைட்ரஜனைக் காணோம். சரியான விடையில் 0.0898-இன் இருமடங்கும் 0.0203-உம் சேர்ந்து 0.1999.

இரண்டு சோதனையையும் தாண்டி வந்துவிடும் தவறு ஒன்று உண்டு. இருபடிச் சமன்பாட்டின் மற்றொரு தீர்வு x = −0.0113. அதை வைத்தால் N₂O₄ 0.1113, NO₂ −0.0226. வர்க்கத்தில் கழித்தல் குறி மறைந்துவிடுவதால் மாறிலி பொருந்துகிறது. நைட்ரஜன் கணக்கும் 0.20-க்குப் பொருந்துகிறது. ஆனால் செறிவு பூஜ்யத்துக்குக் கீழே போக வழியில்லை. ஆகவே எண்களைக் கோவைக்குள் போடுவதற்கு முன்பே, அவை எல்லாம் நேர்க்குறி உள்ளவையா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.