இரட்டைத் துருவம் கேட்கும் கூடுதல் பின்னம்

மூன்று கலக்குத் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. முதல் தொட்டியின் நீர் மாற 1 நிமிடம், மற்ற இரண்டுக்கும் தலா அரை நிமிடம். நல்ல தண்ணீர் ஓடும் குழாயில் திடீரென உப்புநீரைத் திறந்தால், கடைசித் தொட்டியில் உப்பு எப்படி ஏறும்?

லாப்லாஸ் முறையில் விடை இப்படி அமையும்:

Y(s) = 4 / [s(s+1)(s+2)²]

இதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க வேண்டும். s = −2 என்ற துருவம் இரண்டு முறை வருவதால் அதற்கு இரண்டு பின்னங்கள் தேவை:

A/s + B/(s+1) + C/(s+2) + D/(s+2)²

A, B, D மூன்றும் சுலபம். அந்தந்தக் காரணியை மறைத்துவிட்டு, துருவத்தின் மதிப்பை மீதியில் போட்டால் 1, −4, 2 என்று வந்துவிடும். C அப்படி மசியாது. (s+2)²-ஐ நீக்கியபின் மிஞ்சும் 4/(s²+s)-ஐ வகையிட்டு, பிறகுதான் s = −2 போட வேண்டும்; விடை 3.

y(t) = 1 − 4e^(−t) + 3e^(−2t) + 2te^(−2t)

தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணாமல் போவது இந்த C-தான். கண்டுபிடிப்பது எளிது: t = 0 போட்டால் 1 − 4 + 3 = 0, தொட்டியில் உப்பில்லை. C-ஐ விட்டிருந்தால் −3 வரும். உப்பு எதிர்மறையாக இருக்க முடியாதே! D-இல் பிழை இருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு தொடக்கச் சரிவைப் பாருங்கள்: 4 − 6 + 2, அதுவும் பூஜ்யம்.