43, 49, 93: வேகம் எங்கே நின்றது?

மதுரை அண்ணாநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. மகனுக்கு சென்னையில் ஐடி வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னதும் ஊருக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்த 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு பத்தாமல் போக, ஒரு திங்கட்கிழமை 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினார்கள். பணம் கட்டிய சில நிமிடங்களில் ‘உங்கள் புதிய பிளான் தொடங்கிவிட்டது’ என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. மகன் போனை எடுத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டார். காட்டிய எண் 43.

கஸ்டமர் கேரில் கேட்டால், “எங்க சைடுல 300 விட்டாச்சு சார், உங்க ரவுட்டரைப் பாருங்க” என்றார்கள். இப்படிச் சொல்லும்போது அவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிளான் மாறிவிட்டது என்பது அவர்களுடைய பில் கணக்கில் நடந்த மாற்றம். அந்த வேகம் லேப்டாப்புக்கு வந்து சேர நடுவில் மூன்று நான்கு வாசல்களைத் தாண்ட வேண்டும். பழைய வேகத்துக்கு அளவெடுத்த வாசல் ஒன்று இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். எந்த வாசலில் நிற்கிறது என்பதை ஸ்பீடு டெஸ்ட் எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் லைன்மேன் வந்தார். வைஃபையில் பார்க்கவே இல்லை. ஃபைபர் வந்து சேரும் மோடத்திலிருந்து தன் லேப்டாப்புக்கு நேராக ஒரு கேபிள் போட்டார். நடுவில் வீட்டு ரவுட்டர் கிடையாது. டெஸ்ட் போட்டால் 49.

“தம்பி, இது பழைய பிளானுங்க. மோடம் இன்னும் பழைய லாகின்லயே ஓடிட்டிருக்கு.”

அவர் சொன்ன லாகின், பல ஃபைபர் இணைப்புகள் பயன்படுத்தும் பிபிபிஓஇ என்ற முறையைச் சேர்ந்தது. மோடம் உயிர்பெற்றதும் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நிறுவனத்தின் சர்வரில் உள்ளே நுழையும். ‘இந்த வாடிக்கையாளருக்கு இவ்வளவு வேகம்’ என்ற கட்டளையை சர்வர் அந்த நிமிடத்தில்தான் தரும். அதற்குப் பிறகு இணைப்பு அறுபடாமல் நாள்கணக்கில் ஓடினால், வேகமும் அன்று சொன்னபடியே ஓடும். சில நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பிலேயே புதிய வேகத்தை ஏற்றிவிடும்; சில நிறுவனங்களில் மறுபடி லாகின் ஆனால்தான் உண்டு. மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இணைப்பு எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று இருக்கும். பிளான் மாறியது நேற்று, அங்கே காட்டுவது 19 நாள் என்றால் கதை அதுதான்.

மோடத்தின் ஸ்விட்சை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டுப் போட்டால் போதும். ஆனால் ‘ரீஸ்டார்ட்’ என்று சொன்னதை ‘ரீசெட்’ என்று கேட்டு, பின்னால் இருக்கும் ஊசித்துளைக்குள் குண்டூசி விடுகிறவர்கள் உண்டு. அந்தத் துளைக்குள் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் லாகின் பெயர், பாஸ்வேர்டு, நிறுவனம் கொடுத்த விலான் எண் எல்லாம் அழிந்து, நெட்டே இல்லாமல் போகும். 43-ஆவது இருந்தது என்று அப்போது தோன்றும்.

மோடம் மறுபடி உயிர்பெற்றதும் நேர் கேபிளில் 287 வந்தது. நிறுவனத்தின் பங்கு அத்துடன் முடிந்தது. லைன்மேன் கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் கிளம்பவில்லை. பழையபடி வீட்டு ரவுட்டரை இணைத்துவிட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போட்டுப் பார்த்தார். மறுபடியும் 43.

43 என்பது எந்த பிளானின் வேகமும் அல்ல, எந்த போர்ட்டின் வேகமும் அல்ல. இப்படி ஒட்டாத எண் ஒன்று நாள் முழுக்க அசையாமல் நின்றால், யாரோ கையால் எழுதிவைத்த எண் அது என்று சந்தேகப்படலாம். மகனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஊரடங்கு நாட்களில் வீடியோ மீட்டிங் திணறியதால், நண்பர் ஒருவர் சொன்னபடி ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற வசதியைப் போட்டு, அதிகபட்ச வேகம் 45 என்று எழுதியிருந்தார். 50 பிளானில் அது தெரியவே இல்லை. 300 பிளானிலும் ரவுட்டர் சொன்ன சொல் தவறாமல் 45-ஐத் தாண்ட விடவில்லை. தகவலோடு சேர்ந்து போகும் முகவரிச் சுமையைக் கழித்தால் கைக்குக் கிடைப்பது 43.

கியூஓஎஸ்ஸை அணைத்ததும் எண் துள்ளியது. ஆனால் 93-இல் போய் நின்றுகொண்டது.

நெட் வேலை பார்ப்பவர்களுக்கு 93, 94 என்ற எண்ணைப் பார்த்தாலே சிரிப்பு வரும். வழியில் எங்கோ ஒரு கேபிளோ போர்ட்டோ 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. சுமை கழித்து 100-இல் மிஞ்சுவது அவ்வளவுதான். 100 வரையுள்ள பிளானில் இது கண்ணுக்கே தெரியாது. அதைத் தாண்டும் நாளில்தான் வெளியே வரும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, ரவுட்டரின் போர்ட்டே 100 வகை. டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி50 நம் ஊர் வீடுகளில் நிறையப் பார்க்கக் கிடைக்கும் ரவுட்டர். அது ‘ஏசி1200’ வகை. ஆனால் அந்த 1200 இரண்டு வைஃபை அலைவரிசைகளின் 300-ஐயும் 867-ஐயும் கூட்டி முழுமையாக்கிய கணக்கு. கேபிள் செருகும் ஐந்து போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ்தான். அப்படிப்பட்ட ரவுட்டரை வைத்துக்கொண்டு 300 பிளானுக்குக் காசு கட்டுவதில் பயனில்லை. சில ஃபைபர் மோடங்களிலும் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கும்.

இரண்டாவது காரணம் கேபிள். நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கி இருக்கும். 100-க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஜிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். ஒரு நீலக் கம்பி பின்னுக்குள் சரியாக உட்காராவிட்டாலும், இரு முனைக் கருவிகளும் தமக்குள் பேசி 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, நெட் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வீட்டில் நடந்தது இதுதான். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருந்த கேபிளை யாரோ ஒரு காலத்தில் நான்கு கம்பியை மட்டும் வைத்து கிரிம்ப் பண்ணியிருந்தார்கள். கண்ணாடி போன்ற அந்தப் பின்னை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வெறுமை தெரிந்தது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, ஈதர்நெட் செட்டிங்கில் `Link speed` வரியில் 1000/1000 என்று இருக்கிறதா, 100/100 என்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது லேப்டாப்பையும் ரவுட்டரையும் இணைக்கும் கேபிளைப் பற்றி மட்டுமே சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

லைன்மேன் பையிலிருந்து எட்டுக் கம்பியும் உள்ள கேட்-5இ கேபிள் வந்தது. டெஸ்ட்: 284.

ஹாலில் போனில் 230 வந்தது. பின்கட்டு அறையில் 35-தான். “300 வாங்கியும் இங்க வரலையே தம்பி” என்று டீச்சர் கேட்டார். அது பிளான் விஷயமே அல்ல. அந்த அறையில் போன், சுவர் தாண்டி வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பிடித்திருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளும் நெருக்கியடிக்கும் அலைவரிசை அது. பிளானை 1000 ஆக்கினாலும் அங்கே 35-தான் வரும்.

இனி அணைத்த கியூஓஎஸ்ஸை என்ன செய்வது? அது வீண் வசதி அல்ல. ஒருவர் பெரிய ஃபைலை ஏற்றும்போது, அனுப்ப வேண்டிய தகவல் மோடத்திலோ நிறுவனத்தின் கருவியிலோ நீண்ட வரிசையாகத் தேங்கும். மீட்டிங்கின் குரலும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இந்தத் தேக்கத்துக்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர். ரவுட்டரில் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த எண்ணை எழுதினால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே நிற்கும். அங்கே குரலை முன்னால் அனுப்ப வழி உண்டு. தேவையா என்று தெரிந்துகொள்ள, லேப்டாப்பின் கட்டளைத் திரையில் இதை ஓடவிடலாம்:

```
ping -t 8.8.8.8
```

சும்மா இருக்கும்போது 12, 15 என்று வரும் மில்லிவினாடி, பெரிய ஃபைல் ஏறும்போதும் 30, 40-க்குள் இருந்தால் கியூஓஎஸ் வேண்டாம். 200, 300 என்று ஏறினால் வேண்டும். எழுத வேண்டியது பிளானில் சொன்ன 300 அல்ல, அளந்து பார்த்த 284-இல் பத்தில் ஒன்பது பங்கு: சுமார் 255. பல ரவுட்டர்களில் அந்தப் பெட்டி கேபிபிஎஸ் கணக்கில் இருக்கும். அங்கே 255 என்று எழுதினால் கால் எம்பிபிஎஸ் ஆகி, வீடே ஸ்தம்பித்துவிடும். 255000 என்று எழுத வேண்டும். எழுதிய பிறகு 255 வராமல் 150-இல் நின்றால், ரவுட்டரின் சிப்புக்கு அவ்வளவு தகவலை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தத் தெம்பில்லை என்று பொருள். கியூஓஎஸ் போட்டதும் பல ரவுட்டர்களில் தகவலை வேகமாகக் கடத்தும் குறுக்குவழி அடைந்துவிடுகிறது. அப்போது அதை அணைத்தே வைப்பது நல்லது. இந்த வீட்டு ரவுட்டர் 255-ஐத் தாங்கியது.

எட்டு மாதம் கழித்து மகனை அலுவலகம் மறுபடி சென்னைக்கு அழைத்துக்கொண்டது. எதற்கு வீண் செலவு என்று டீச்சர் 50 பிளானுக்கே திரும்பினார். பல நிறுவனங்களில் வேகத்தைக் கூட்டினால் உடனே கூடும், குறைத்தால் அடுத்த பில் தேதியிலிருந்துதான் குறையும். அவருக்கும் அப்படியே. புது பில் தொடங்கிய வாரத்தில் ஸ்பீடு டெஸ்ட் ஒழுங்காக 48 காட்டியது. ஆனால் போனிலிருந்து படங்கள் கூகுள் கணக்குக்கு ஏறும் நேரங்களில் பேத்தியின் வீடியோ கால் உறைந்து நின்றது.

வேகத்தைக் கூட்டும்போது பழைய எண் தடையாக நிற்பதால் உடனே கண்ணில் படும். குறைக்கும்போது அது ஓசைப்படாமல் ஏமாற்றும். ரவுட்டரில் இன்னமும் 255. வரும் வேகம் 50. ரவுட்டர் தன் எல்லை இன்னும் வெகு தூரத்தில் இருப்பதாக நினைத்து எல்லாவற்றையும் வெளியே தள்ள, வரிசை மறுபடி நிறுவனத்தின் பக்கம் போய்த் தேங்கியது. ஸ்பீடு டெஸ்ட்டில் இது தெரியாது. பிங் ஓடவிட்டால்தான் தெரியும். சென்னையிலிருந்து மகன் போனிலேயே வழி சொல்ல, டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, 255000 இருந்த இடத்தில் 43000 என்று மாற்றினார். பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி, ரவுட்டரின் அடியில் ஒட்டிவைத்தார்.